கழன்றதா, கழற்றியதா?

“திங்கக்கெழம ராத்திரிங்க. டீ குடிச்சிட்டு வந்த பொறவு. மூணாவது தறியில பாவு இழ அறுந்துருச்சுங்க. இழயக் கட்டிப்போட்டு இந்தப் பக்கம் வந்தனுங்க. பாத்தா அறுந்த நூலு பல்சக்கரத்துல சுத்திக் கெடக்குது. எடுத்துப்போடலாம்னு கைய வெச்சேன், அவ்வளவுதானுங்க. இழுத்துருச்சு. வெரலு போச்சுங்க. கவர் கழட்டித்தான் கெடந்துச்சு. பக்கத்துத் தறிக்காரரு ஓடியாந்து சுவிச்ச அணச்சாரு. மொதலாளிதான் வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. வீட்டுல அருவாமணயில அறுத்துக்கிட்டேன்னு சொல்லிருன்னாரு. நானும் வலியில அப்படியே சொல்லிட்டனுங்க. எந்தப்புத்தாங்க, கைய வெச்சிருக்கக் கூடாது.”

பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் என்று விசைத்தறி ஓடும் ஊர்களில் இந்தப் பேச்சு எந்த வாரத்திலும் காதில் விழக்கூடியது. ஒரு தனி மனிதரின் கதையாக இதை இங்கே தரவில்லை. இத்தகைய விபத்துகளில் சொல்லப்படுவதையெல்லாம் சேர்த்து, 40 வயதுத் தொழிலாளி ஒருவர் சொல்வதாக அமைத்திருக்கிறேன். ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடக்கூடிய இந்தப் பேச்சில் நடந்தது முழுவதும் இருக்கிறது. ஆனாலும் இதை அப்படியே தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால், தபாலைப் பிரிக்கும் எழுத்தருக்கு எந்தக் கோப்பில் சேர்ப்பது என்றே தெரியாது. யார் யாருக்கு எழுதியது, என்று நடந்தது, எந்த விரல், என்ன கேட்கிறார் என்று எதுவும் தாளில் நிற்காது.

சரி, யாராவது விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கட்டும் என்று போனால் வேறு ஆபத்து வருகிறது. “உரிமையாளரின் கொடூரமான அலட்சியத்தால் பாதுகாப்புக் கவசம் அகற்றப்பட்டிருந்த நிலையில் மேற்படி தொழிலாளியின் விரல் துண்டிக்கப்பட்டு…” என்று மனு வந்து நிற்கும். வாசிக்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் தறிக்காரர் சொன்ன பல விஷயங்கள் அதில் இல்லை, அவர் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன.

பேச்சைச் சுத்தமான அறிக்கையாக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேலை.

சட்டம் இதில் எழுதுபவர் பக்கம்தான் நிற்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விபத்து அறிவிப்பில் இருக்க வேண்டியவற்றை மிகச் சுருக்கமாகச் சொன்னது: காயமடைந்தவரின் பெயர், முகவரி, காயத்தின் காரணம், விபத்து நடந்த தேதி. காரணத்தைச் சாதாரண மொழியில் எழுத வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே இருந்தது. விபத்து நடந்ததும் முடிந்தவரை விரைவாக அறிவிப்பைக் கொடுக்க வேண்டும், இழப்பீட்டுக் கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அறிவிப்பு கொடுக்கும் ஏற்பாடு அதிலும் தொடர்கிறது.

ஆக, வக்கீல் தமிழ் தேவையில்லை. தேவைப்படுவது, சொன்னவரிடம் திரும்பக் கேட்க வேண்டிய சில கேள்விகள். முதல் தடவை அவர் சொல்லும்போது குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுவிட வேண்டும். கேள்விகள் அதற்குப் பிறகு.

திங்கள் இரவு என்றால் எந்தத் தேதி?

முதல் சிக்கல் முதல் சொல்லிலேயே இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் ஓட்டுபவருக்குத் திங்கள் இரவு எட்டு மணிக்கு ஏறியது முதல் மறுநாள் காலை எட்டு மணிக்கு இறங்குவது வரை எல்லாமே “திங்கக்கெழம ராத்திரி”தான். நாள்காட்டிக்கு அப்படியில்லை. திங்கள் 9ஆம் தேதி என்றால், நள்ளிரவு தாண்டியதும் செவ்வாய் 10ஆம் தேதி. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் 10 என்றும் மனுவில் 9 என்றும் இருந்தால், எதிர்த் தரப்பு பிடித்துக்கொள்ளும் முதல் முரண்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

நேரத்தை எப்படிக் கேட்பது? “எத்தனை மணி?” என்று கேட்டால் அவர் தலையைச் சொறிவார். தறி ஓட்டுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. “டீ எத்தன மணிக்குங்கண்ணா வரும்? அதுக்கப்புறம் கரண்ட் போச்சா? ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எத்தன மணி?” என்று அவர் வேலையில் உள்ள அடையாளங்களைப் பிடித்துக் கேட்டால் பதில் வரும். டீ இரண்டு மணிக்கு. மருத்துவமனைப் பதிவேட்டில் 3.05. வண்டியில் போன நேரம் ஏறக்குறைய அரை மணி. அப்படியானால் “சுமார் 2.30” என்று எழுதலாம். அந்த “சுமார்” முக்கியம். 2.27 என்று எழுதினால் துல்லியமாகத் தெரியும், ஆனால் அது பொய்யான துல்லியம்.

கவரைக் கழற்றியது யார்?

இந்தப் பேச்சில் எல்லாவற்றையும்விடக் கனமான வாக்கியம் “கவர் கழட்டித்தான் கெடந்துச்சு” என்பது. பேச்சுத் தமிழில் எழுவாயை விட்டுவிடுவது நம் இயல்பு. “கழட்டிக் கெடந்துச்சு” என்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். யார் என்பது சொல்பவருக்குத் தெரியும், அவரோடு வேலை செய்பவர்களுக்கும் தெரியும். தாளுக்குத் தெரியாது.

சட்டத்தின் பார்வையில் தவறு யார்மீது என்பது பெரும்பாலும் கேள்வியே அல்ல. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்திருந்தால் போதும், தொழிலாளி கவனக்குறைவாக இருந்திருந்தாலும் இழப்பீடு உண்டு. ஆனால் உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத விபத்துகளில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. குடிபோதை ஒன்று. பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறுவது இன்னொன்று. பாதுகாப்புக்கு வைத்த சாதனத்தை, அது எதற்காக இருக்கிறது என்று தெரிந்தே, தொழிலாளி வேண்டுமென்று அகற்றுவது மூன்றாவது. பல்சக்கரத்தின் மேல் இருக்கும் கவர் இந்த மூன்றாவதில் வருகிறது.

இப்போது அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாக எழுத்தில் கொண்டுவரலாம் என்று பாருங்கள். “கவர் கழன்று கிடந்தது” என்று எழுதினால் அது தானாகக் கழன்று விழுந்ததாகிறது. நடந்தது அதுவல்ல. “கவரைக் கழற்றியிருந்தேன்” என்று எழுதினால் தொழிலாளியே தன் வழக்கை முடித்துவைத்ததாகிறது. “கவர் கழற்றப்பட்டிருந்தது” என்பது அலுவலகத் தமிழுக்குப் பிடித்த வடிவம். பார்க்கக் கச்சிதமாக இருந்தாலும் கழற்றியவரின் இடம் அதில் காலியாக இருக்கிறது. காலி இடத்தை நாம் நிரப்பாவிட்டால் எதிர்த் தரப்பு நிரப்பும், அதுவும் தொழிலாளியின் பெயரைக்கொண்டு.

எனவே கேட்க வேண்டியது: “கவரக் கழட்டுனது யாருங்கண்ணா? எப்ப? எதுக்கு? இப்ப எங்க இருக்கு?” பதில் இப்படி வருகிறது: “மேஸ்திரிதாங்க. பல்சக்கரம் மாத்தறதுக்குக் கழட்டுனாரு, ஒரு பத்து நாளு இருக்கும். திரும்ப மாட்டல. மூலையில சாத்தி வெச்சிருக்கு.” இந்தப் பதிலில் ஆள் இருக்கிறார், காரணம் இருக்கிறது, காலம் இருக்கிறது, போய்ப் பார்க்கக்கூடிய ஒரு மூலையும் இருக்கிறது. “உரிமையாளரின் அலட்சியம்” என்ற சொற்கள் தர முடியாத பலத்தை அந்த மூலை தருகிறது.

இதே முறையில் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். கையை வைத்தபோது தறி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? நின்ற தறியை வேறு யாராவது ஓட விட்டார்களா? “இழயக் கட்டி நாந்தாங்க ஓட விட்டேன். ஓடிட்டிருக்கறப்பதான் பாத்தேன்” என்கிறார். இது அவருக்குச் சாதகமான பதில் இல்லை. இருந்தாலும் எழுத வேண்டும். எழுதுபவர் இதை மென்று விழுங்கினால் குறுக்கு விசாரணையில் அது வெளியே வரும், அப்போது அறிக்கையின் மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும்.

“எந்தப்புத்தாங்க” என்பதை எழுத வேண்டுமா? அது நடந்த செயல் அல்ல, வேதனையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட தீர்ப்பு. கையை வைத்தார் என்பது உண்மை, அது அறிக்கையில் இருக்கிறது. அது தவறா என்று முடிவு செய்வது விசாரிப்பவர் வேலை. இதே அளவுகோலை முதலாளிக்கும் வைக்க வேண்டும். அவர் தவறு, இவர் தவறு என்ற இரண்டுமே அறிக்கையில் வரக் கூடாது.

விரல் போச்சு என்றால் எவ்வளவு?

“வெரலு போச்சுங்க” என்பதற்கு விரல் முழுக்கத் துண்டானது என்றும் பொருள் கொள்ளலாம், நுனி மட்டும் போனது என்றும் கொள்ளலாம். விரல் இருக்கிறது, மடக்க முடியவில்லை என்பதற்கும் இதையேதான் சொல்வார்கள். 1923 சட்டத்தின் அட்டவணை இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தது. ஆள்காட்டி விரலில் மூன்று எலும்புகள். மூன்றும் போனால் உழைப்புத் திறன் இழப்பு 14 சதவீதம், இரண்டு போனால் 11, நுனி எலும்பு மட்டும் போனால் 9, எலும்பு போகாமல் சதை நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5.

ரூபாயில் இது எவ்வளவு என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதக் கூலியில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு உரிய காரணியால் பெருக்கி, அதில் இழப்புச் சதவீதத்தைக் காண வேண்டும். 40 வயதுக்கு உரிய காரணி 184.17. மாதக் கூலி 15,000 என்றால் இரண்டு எலும்பு இழப்புக்கு ஏறத்தாழ 1,82,000 ரூபாய் வரும். ஒரு எலும்பு என்று பதிவானால் 1,49,000தான். “பாதி விரல்” என்று எழுதிவிட்டுப் போவதன் விலை முப்பதாயிரத்துக்கு மேல்.

இதற்கு எளிய வழி உண்டு. காயமில்லாத கையைத் தாளில் வைத்து, விரல்களைச் சுற்றிக் கோடு வரைந்து, எதுவரை போயிருக்கிறது என்று அவரையே தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு மருத்துவமனைச் சீட்டில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். அறிக்கையில் மருத்துவர் எழுதிய விவரத்தை அப்படியே எடுத்து எழுதி, “மருத்துவமனைச் சீட்டின்படி” என்று சேர்க்க வேண்டும். சதவீதத்தை நாம் எழுதக் கூடாது. 

கூலியிலும் இதே போன்ற ஒரு குழி இருக்கிறது. “வாரம் எவ்வளவுங்கண்ணா?” என்றால் “ரெண்டாயிரத்தி எண்ணூறு” என்பார். அது சனிக்கிழமை கைக்கு வந்தது. ஓட்டிய மீட்டருக்குக் கூலி 3,600. வாங்கிய முன்பணத்துக்காக 800 பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது கடன், கூலிக் குறைவு அல்ல. கேட்க வேண்டியது “கையில எவ்வளவு வந்துச்சு” என்பதை அல்ல, “எத்தன ரூவாய்க்கு ஓட்டுனீங்க” என்பதைத்தான். முந்தைய 12 மாதக் கூலியைக் கூட்டி 12ஆல் வகுப்பதே வழக்கமான முறை என்பதால், கணக்கு நோட்டின் நகல் கிடைத்தால் இணைக்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி, கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்சம் 15,000.

அரிவாள்மணை

கடைசியாக, எழுதுபவருக்கு மிகவும் சங்கடம் தருவது அந்த அரிவாள்மணை. விபத்துப் பதிவேட்டில் “வீட்டில் அரிவாள்மணையால் வெட்டுப்பட்டதாகக் கூறுகிறார்” என்று ஏறிவிட்டது. மனுவில் அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். விடக் கூடாது. அந்தப் பதிவேட்டின் நகல் எப்படியும் விசாரணைக்கு வரும். முதலில் நாமே சொன்னால் அது விளக்கம். அவர்கள் சொல்லி நாம் ஒப்புக்கொண்டால் அது பொய் பிடிபட்ட கதை.

அதே பதிவேட்டில் நமக்குத் துணை நிற்கும் வரியும் இருக்கக்கூடும். அரிவாள்மணை வெட்டினால் காயத்தின் விளிம்பு நேராக இருக்கும். பல்சக்கரம் இழுத்தால் சதை நசுங்கும், எலும்பு நொறுங்கும், தோல் கிழியும். இன்னது சொன்னார் என்ற வரிக்குக் கீழே மருத்துவர் தன் கண்ணால் கண்ட காயத்தை எழுதியிருப்பார். “நசுங்கிய காயம்” என்று அங்கே இருந்தால், அதை நம் அறிக்கையில் மேற்கோளாகக் காட்ட வேண்டும். அதன் பொருளை விவரிக்கத் தேவையில்லை.

அறிக்கை

இவ்வளவும் கேட்டபின் எழுதினால், அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. வரிசை காலத்தின் வரிசையாக இருக்கும், பத்திக்கு ஒரு விஷயம், வாக்கியத்துக்கு ஒரு செயல். அனுப்புநர், பெறுநர், பொருள், இணைப்பு என்ற தலைப்புகள் எழுத்தரின் கண் தேடும் இடங்கள். அவற்றை மாற்றாமல் வைக்க வேண்டும்.

> அனுப்புநர்: (பெயர், வயது 40, முழு முகவரி, தொலைபேசி எண்)
>
> பெறுநர்: (விசைத்தறிக்கூட உரிமையாளர் பெயர், முகவரி)
>
> நகல்: இழப்பீட்டு ஆணையர்
>
> பொருள்: வேலையின்போது ஏற்பட்ட விபத்து குறித்த அறிவிப்பு
>
> 1. நான் உங்கள் தறிக்கூடத்தில் ஆறு ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறேன். மீட்டர் கணக்கில் வாரக் கூலி பெறுகிறேன். விபத்துக்கு முந்தைய வாரம் என் கூலி ரூ.3,600. அதில் முன்பணத்துக்காக ரூ.800 பிடிக்கப்பட்டது.
>
> 2. மார்ச் 9, திங்கள் இரவு 8 மணிக்கு ஷிப்டில் ஏறினேன். விபத்து மார்ச் 10, செவ்வாய் அதிகாலை சுமார் 2.30 மணிக்கு நடந்தது.
>
> 3. வாசலிலிருந்து மூன்றாவது தறியில் பாவு இழை அறுந்தது. தறியை நிறுத்தி இழையைக் கட்டினேன். மீண்டும் ஓட விட்டேன். அறுந்த நூல் பல்சக்கரத்தில் சுற்றியிருப்பதைப் பார்த்தேன். தறி ஓடும்போதே வலது கையால் அதை எடுக்க முயன்றேன். ஆள்காட்டி விரல் பல்சக்கரத்தில் சிக்கியது.
>
> 4. அந்தப் பல்சக்கரத்தின் மேல் கவர் இல்லை. சுமார் பத்து நாட்களுக்கு முன் பல்சக்கரம் மாற்றுவதற்காக மேஸ்திரி அதைக் கழற்றினார். திரும்ப மாட்டவில்லை. கவர் கூடத்தின் மூலையில் இருக்கிறது. அதை நான் கழற்றவில்லை.
>
> 5. பக்கத்துத் தறிக்காரர் (பெயர்) பார்த்து, ஓடி வந்து சுவிட்சை அணைத்தார்.
>
> 6. நீங்கள் உங்கள் வண்டியில் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றீர்கள். வீட்டில் அரிவாள்மணையில் வெட்டுப்பட்டதாகச் சொல்லும்படி வழியில் சொன்னீர்கள். வலியில் நானும் அப்படியே சொன்னேன். அது உண்மையல்ல. விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் “நசுங்கிய காயம்” என்று எழுதியிருக்கிறார்.
>
> 7. மருத்துவமனைச் சீட்டின்படி, வலது ஆள்காட்டி விரலின் நுனி எலும்பும் நடு எலும்பும் இழக்கப்பட்டுள்ளன. மார்ச் 10 முதல் வேலைக்குப் போகவில்லை.
>
> இணைப்பு: விபத்துப் பதிவேட்டின் நகல், மருத்துவமனைச் சீட்டு, ஆதார் நகல், கணக்கு நோட்டின் நகல்.

நான்காவது பத்தியின் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அவர் முதலில் பேசியபோது அது இல்லை. “நீங்க கழட்டலீங்களா?” என்று நேராகக் கேட்டு, “இல்லீங்க” என்று அவர் சொன்ன பிறகே அது தாளில் ஏற வேண்டும். கேட்காமல் நாமாக ஊகித்து எழுதினால் அது நம் வாக்குமூலம் ஆகிவிடும்.

எழுதி முடித்ததும் கையொப்பம் வாங்கிவிடக் கூடாது. உரக்க, மெதுவாக, ஒவ்வொரு பத்தியாக வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துத் தமிழில் வாசிக்கும்போது அவர் சும்மா தலையாட்டினால் அது போதாது. அதே விஷயத்தை அவர் பேசும் தமிழில் திரும்பச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் அறிக்கையை இப்படி வாசிக்கும்போது ஐந்தாவது பத்தியில் அவர் தடுக்கிறார்.

“பாக்கலீங்களே. அவரு அந்தப் பக்கம் தார் மாத்திட்டிருந்தாரு. நான் கத்துன சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தாரு.”

“பார்த்து” என்ற சொல் எங்கிருந்து வந்தது? அவர் சொல்லவில்லை. பக்கத்துத் தறியில் நின்றவர் ஓடி வந்தார் என்றதும், பார்த்துத்தான் வந்திருப்பார் என்று எழுதிய கை முடிவு செய்துகொண்டது. அந்த ஒற்றைச் சொல் அப்படியே போயிருந்தால், பக்கத்துத் தறிக்காரர் சாட்சி சொல்ல வரும்போது “நான் பார்க்கவில்லை” என்று உண்மையைச் சொல்வார், உண்மையான அறிக்கை பொய்யாகத் தோன்றும்.

பத்தியை அடித்துத் திருத்தாமல் புதிதாக எழுத வேண்டும்: “நான் சத்தம் போட்டேன். பக்கத்துத் தறிக்காரர் (பெயர்) சத்தம் கேட்டு ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். விரல் சிக்கிய நொடியை அவர் பார்க்கவில்லை. என் விரல் பல்சக்கரத்தில் இருந்ததைப் பார்த்தார்.” இதையும் வாசித்துக் காட்டி, அவர் சரியென்ற பிறகு, வலது கையில் கட்டு இருப்பதால் இடது பெருவிரல் ரேகையைப் பெற்று, “அவர் சொல்ல நான் எழுதினேன், வாசித்துக் காட்டினேன், சரியென்று ஒப்புக்கொண்டார்” என்று எழுதுபவர் தன் பெயரோடும் தேதியோடும் கையொப்பமிட வேண்டும். ஒரு பிரதியை ஒப்புகையுடன் அஞ்சலில் உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை ஆணையர் அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, நம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்தர் அந்தத் தாளை வாங்கி, பொருளைப் பார்த்து, இணைப்புகளை எண்ணிப் பதிவேட்டில் ஒரு எண் போட்டு உள்ளே அனுப்புவார். அவருக்கு ஒரு நிமிட வேலை. அதன்பின் யார் எடுத்துப் படித்தாலும், செவ்வாய் அதிகாலை மூன்றாவது தறியின் பக்கத்தில் யார் என்ன செய்தார் என்பது தறிக்காரர் சொன்னபடியே அதில் இருக்கும்.